பீனாலின் ஆக்சிஜன் வளையத்துக்குள் சாயும்போது

பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வில் கரிமச் சேர்மமாகப் பீனால் வந்துவிட்டால் மாணவர்கள் நிம்மதியாகிவிடுவார்கள். மூடியைத் திறந்ததுமே பழைய மருத்துவமனை வராந்தாவில் வீசிய அந்தக் கிருமிநாசினி மணம் காட்டிக்கொடுத்துவிடும். மீதியைப் புரோமின் நீர் உறுதி செய்யும். பீனால் கரைசலில் சொட்டுச் சொட்டாகப் புரோமின் நீரை விட்டால், ஒவ்வொரு சொட்டின் செம்பழுப்பும் விழுந்த இடத்திலேயே மறையும். அடுத்த கணம் குழாய் முழுக்க வெள்ளை வீழ்படிவு. சூடாக்க வேண்டாம், வினையூக்கி வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம்.

இதில் எவ்வளவு பெரிய வியப்பு இருக்கிறது என்பது பக்கத்தில் இன்னொரு குழாய் இருந்தால்தான் தெரியும். அந்தக் குழாயில் பென்சீனை எடுத்து, அதே புரோமின் நீரை விட்டுக் குலுக்கினால் புரோமினின் நிறம் பென்சீன் அடுக்குக்குள் ஏறிக்கொள்ளும். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. பென்சீன் வளையத்தில் புரோமினை ஏற்ற இரும்புத்தூளோ ஃபெரிக் புரோமைடோ போட்டாக வேண்டும், அப்போதும் சாதாரணமாக ஒரு புரோமின்தான் ஏறும். அந்த வளையத்தில் ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் கொண்ட ஹைட்ராக்சில் தொகுதியை வைத்தால் அது பீனால். அவ்வளவு சின்ன மாற்றத்துக்கு வினையூக்கியே இல்லாமல் மூன்று புரோமின் ஏறிவிடுகிறது. அதுவும் கண்ட இடத்தில் இல்லை. ஹைட்ராக்சில் இருக்கும் கார்பனுக்கு இரு பக்கத்திலும் உள்ள ஆர்த்தோ இடங்களில் ஒவ்வொன்று, நேர் எதிரே உள்ள பாரா இடத்தில் ஒன்று. இடையில் இருக்கும் இரண்டு மெட்டா இடங்களைப் புரோமின் தொடுவதில்லை.

பீனாலுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது அமிலம். எத்தனாலுக்கும் ஹைட்ராக்சில் இருக்கிறது, ஆனால் அதை யாரும் அமிலம் என்று சொல்வதில்லை. பாடப்புத்தகத்தில் அமிலத்தன்மை ஒரு தலைப்பிலும் புரோமின் ஏற்றம் வேறொரு தலைப்பிலும் வருவதால், இரண்டையும் தனித்தனியே மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறோம். உண்மையில் இரண்டுக்கும் காரணம் ஒன்றே: ஆக்சிஜனிடம் யாருடனும் பங்கிடாமல் இருக்கும் ஓர் எலக்ட்ரான் இணை வளையத்தை நோக்கிச் சாய்வது.

அமிலத்தன்மையிலிருந்து தொடங்குவோம். பீனாலோடு ஒப்பிட நியாயமான ஆல்கஹால் சைக்ளோஹெக்சனால். அதிலும் ஆறு கார்பன் கொண்ட வளையம், அதன் மேல் ஒரு ஹைட்ராக்சில்; வளையத்தில் இரட்டைப் பிணைப்புகள் இல்லை என்பதே முக்கிய வேறுபாடு. இரண்டையும் தனித்தனிக் குழாயில், முழுதும் கரையாத அளவுக்குத் தண்ணீரோடு குலுக்கினால் இரண்டும் கலங்கி நிற்கும். இப்போது சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை விட்டால் பீனால் குழாய் மட்டும் தெளிந்துவிடும். பீனால் தன் புரோட்டானைக் காரத்துக்குக் கொடுத்துவிட்டுப் பீனாக்சைடு அயனியாகிக் கரைந்துவிட்டது. சைக்ளோஹெக்சனால் கலங்கலாகவே இருக்கும். தெளிந்த குழாய்க்குள் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தினால் மறுபடியும் கலங்கல் வரும், ஏனென்றால் கார்பானிக் அமிலம் பீனாலைவிட வலிமையானது. போன புரோட்டானைத் திருப்பிக் கொடுத்துவிடும். அதே காரணத்தால் சோடியம் பைகார்பனேட்டோடு பீனால் நுரைப்பதில்லை. வினிகர் நுரைக்கும். பீனாலின் இடம் இந்த மூன்று சோதனைகளுக்குள் பிடிபட்டுவிடுகிறது: ஆல்கஹாலுக்கு மேலே, கார்பானிக் அமிலத்துக்குக் கீழே.

எண்ணில் சொல்வதானால் பிகேஏ என்ற அளவைப் பார்க்க வேண்டும். அது குறையக் குறைய அமிலம் வலிமையானது. ஒரு அலகு குறைந்தால் வலிமை பத்து மடங்கு கூடும். எத்தனாலுக்கு 15.9, பீனாலுக்கு 10. வித்தியாசம் கிட்டத்தட்ட 6, அதாவது பீனால் ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு வலிமையான அமிலம். இவ்வளவு சொன்னாலும் அது பலவீனமான அமிலம்தான். ஒரு லிட்டர் தண்ணீரில் 9.4 கிராம் பீனாலைக் கரைத்தால் லட்சம் மூலக்கூறுகளில் மூன்று மட்டுமே புரோட்டானை விட்டுவிட்டுப் பீனாக்சைடாக இருக்கும். இந்த மூன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், புரோமின் கதையில் இவை திரும்ப வரும்.

பத்து லட்சம் மடங்கு எங்கிருந்து வந்தது? எத்தனால் புரோட்டானை இழந்தால் மிஞ்சும் எதிர்மின்சுமை முழுவதும் ஆக்சிஜன் தலையிலேயே உட்கார்ந்துவிடும். பீனாக்சைடில் அப்படி இல்லை. ஆக்சிஜனின் எலக்ட்ரான் இணை வளையத்தின் எலக்ட்ரான் மேகத்தோடு கலந்து, சுமையில் ஒரு பகுதியை இரண்டு ஆர்த்தோ கார்பன்களிலும் பாரா கார்பனிலும் இறக்கி வைக்கிறது. ஒருவர் தூக்கிய மூட்டையை நாலு பேர் தூக்குவது போல அயனிக்கு அது ஆறுதல். புரோட்டானைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும் அவசரமும் குறைகிறது.

இந்த இடத்தில் பல விடைத்தாள்கள் நின்றுவிடும். "பீனாக்சைடுக்கு உடனிசைவு உண்டு, எனவே பீனால் அமிலம்" என்று எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடலாம். ஆனால் புரோட்டானை விடாத பீனாலிலும் ஆக்சிஜன் இணை வளையத்துக்குள் சாயத்தானே செய்கிறது? அங்கும் உடனிசைவு உண்டு. வேறுபாடு அதன் அளவில்தான். பீனாலில் ஆக்சிஜன் நடுநிலையில் இருக்கிறது. அது வளையத்துக்கு எலக்ட்ரானைக் கொடுத்தால் தான் நேர்மின்சுமை ஏற்க வேண்டும், வளையம் எதிர்மின்சுமை ஏற்கும். இப்படி சுமைகளைப் பிரித்து வைப்பதற்கு ஆற்றல் செலவாகும், எனவே சாய்வு அளவோடு நிற்கும். பீனாக்சைடில் பிரிக்க எதுவும் இல்லை. ஏற்கெனவே இருக்கும் ஒரு சுமை இடம் மாறுகிறது. ஆகவே அயனிக்குக் கிடைக்கும் லாபம் பீனாலுக்குக் கிடைப்பதைவிட மிக அதிகம். அந்த லாப வித்தியாசம்தான் அமிலத்தன்மையாக வெளிப்படுகிறது. வளையக் கார்பன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் சற்றுக் கூடுதலாக இழுக்கக் கூடியது என்பதும் இதற்குக் கொஞ்சம் உதவுகிறது.

சுமை பாரா கார்பனுக்குப் போகிறது என்று எப்படி நம்புவது? அங்கே எலக்ட்ரான்களை விரும்பி ஏற்கும் ஒரு தொகுதியை வைத்துப் பார்த்தால் தெரியும். நைட்ரோ தொகுதி அப்படிப்பட்டது. அதைப் பாரா இடத்தில் வைத்தால் பிகேஏ 10-லிருந்து 7.15-க்கு இறங்குகிறது. ஆர்த்தோவில் வைத்தால் 7.2. மெட்டாவில் வைத்தால் 8.4 வரைதான் இறங்குகிறது. மெட்டாவில் இருக்கும் நைட்ரோ எட்ட இருந்து பொதுவாக எலக்ட்ரான்களை இழுக்கிறது, அவ்வளவே. ஆர்த்தோவிலும் பாராவிலும் இருப்பது சுமை வந்து இறங்கும் வாசலிலேயே நின்று வாங்கிக்கொள்கிறது. மூன்று வாசலிலும் நைட்ரோ நின்றால் அது பிக்ரிக் அமிலம். பிகேஏ சுமார் 0.4. பீனால் அசைக்க முடியாத பைகார்பனேட்டை அது தாராளமாக நுரைக்க வைக்கும்.

ஆக, வளையத்தில் எலக்ட்ரான் செறிவு கூடும் இடங்கள் தெரிந்துவிட்டன: இரண்டு ஆர்த்தோ, ஒரு பாரா. புரோமின் ஏறிய இடங்களும் இவையேதான்.

புரோமின், நைட்ரோனியம் அயனி போன்றவை எலக்ட்ரான் கவர்பொருட்கள். எலக்ட்ரான் மிகுந்த இடத்தைத் தேடி வந்து ஒட்டுபவை. அவற்றில் ஒன்று வளையத்தின் ஒரு கார்பனில் ஒட்டிய கணத்தில், வளையம் இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டு நேர்மின்சுமையோடு நிற்கும். பிறகு அந்தக் கார்பனிலிருந்த ஹைட்ரஜன் புரோட்டானாகக் கழன்றால் வளையம் பழைய நிலைக்குத் திரும்பும். எந்த இடத்தில் ஒட்டுவது எளிது என்பதை இடையில் வரும் அந்த நேர்மின் நிலை எவ்வளவு நிலையானது என்பதே தீர்மானிக்கிறது.

ஒரு தாளில் அறுகோணம் வரைந்து, மேல் முனையில் ஹைட்ராக்சிலைப் போட்டுக்கொண்டு பார்த்தால் இது கண்ணுக்குத் தெரியும். எலக்ட்ரான் கவர்பொருள் கீழ் முனையில், அதாவது பாராவில் ஒட்டுகிறது என்று வையுங்கள். நேர்மின்சுமை ஒட்டிய கார்பனுக்கு அடுத்த கார்பனில் முதலில் தோன்றும். இரட்டைப் பிணைப்புகள் நகர நகர, ஒரு கார்பன் விட்டு ஒரு கார்பனாகத் தாவும். அந்தத் தாவலில் அது மேல் முனைக்கு, ஆக்சிஜனைச் சுமக்கும் கார்பனுக்கு வந்தாக வேண்டும். வந்ததும் ஆக்சிஜன் தன் எலக்ட்ரான் இணையைக் கொடுத்து அந்தக் கார்பனோடு இன்னொரு பிணைப்பு போட்டுக்கொள்கிறது. இப்போது சுமை ஆக்சிஜனிடம் இருந்தாலும் எல்லா கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் எட்டு எலக்ட்ரான் நிறைந்திருக்கும். இடைநிலைக்குப் பெரிய பாதுகாப்பு. ஆர்த்தோவில் ஒட்டினாலும் இதே கதைதான். மெட்டாவில் ஒட்டினால், சுமை எத்தனை தாவல் தாவினாலும் ஆக்சிஜன் இருக்கும் கார்பனுக்கு வராது, பக்கத்துக் கார்பன்களைத் தொட்டுவிட்டு விலகிப் போகும். ஆக்சிஜனால் உதவ வழியில்லை. மெட்டா இடங்கள் வெறுமையாக நிற்பதன் காரணம் இதுதான்.

இதில் ஆக்சிஜனின் எலக்ட்ரான் இணைக்கு எவ்வளவு பங்கு, கழலக் கூடிய புரோட்டானுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்தறிய அனிசோல் கைகொடுக்கிறது. பீனாலின் ஹைட்ராக்சிலில் உள்ள ஹைட்ரஜனுக்குப் பதில் ஒரு மெத்தில் தொகுதி இருந்தால் அது அனிசோல். ஆக்சிஜன் அதேதான், எலக்ட்ரான் இணையும் அதேதான். ஆனால் அந்த ஆக்சிஜனிடம் விடுவதற்குப் புரோட்டான் இல்லை. எனவே அது ஆக்சிஜன் வழியாக அமிலமாக நடந்துகொள்ளாது. சோடியம் ஹைட்ராக்சைடோடு எவ்வளவு குலுக்கினாலும் எண்ணெய்த் துளியாகவே நிற்கும்.

அசிட்டிக் அமிலத்தில் கரைத்த புரோமினை அனிசோலோடு சேர்த்தால் வினையூக்கி இல்லாமலே வினை நடக்கிறது; பென்சீனைவிட ஏறத்தாழ நூறு கோடி மடங்கு வேகத்தில். ஆக, இணை சாய்வது ஒன்றே வளையத்தை இவ்வளவு துடிப்பாக்கிவிடுகிறது, புரோட்டான் கழல வேண்டிய அவசியமில்லை. ஆனால் ஏறுவது பெரும்பாலும் ஒரே ஒரு புரோமின். கிட்டத்தட்ட 90 சதவீதம் பாராவில், மீதி ஆர்த்தோவில். ஆர்த்தோ இடங்கள் இரண்டு, பாரா ஒன்று. எண்ணிக்கையைப் பார்த்தால் ஆர்த்தோதான் அதிகமாக வந்திருக்க வேண்டும். ஆனால் பக்கத்திலேயே மெத்தாக்சி தொகுதி நிற்பதால் பருத்த புரோமினுக்கு அங்கே நெருக்கடி, எதிர்முனையில் இடம் தாராளம். பீனாலையும் தண்ணீரில்லாமல் கார்பன் டை சல்ஃபைடில் கரைத்து, 0 டிகிரி செல்சியஸ் அளவில் குளிர்வித்துப் புரோமினைச் சேர்த்தால் இதே போலத்தான் நடந்துகொள்கிறது. பெரும்பாலும் பாரா புரோமோபீனால், கொஞ்சம் ஆர்த்தோ.

அப்படியானால் சோதனைக்குழாயில் மூன்று புரோமின் ஏறுவதற்குக் காரணம் பீனால் மட்டுமல்ல, தண்ணீரும்தான். தண்ணீரில் பீனால் அமிலமாக நடந்துகொள்ள முடியும். லட்சத்தில் மூன்று என்று சொன்ன பீனாக்சைடுகள் அங்கே இருக்கின்றன. எதிர்மின்சுமை சுமக்கும் ஆக்சிஜன் வளையத்துக்கு எலக்ட்ரானைத் தள்ளும் வேகத்துக்கு நடுநிலை ஆக்சிஜன் ஈடாகாது. எண்ணிக்கையில் சொற்பமாக இருந்தாலும் பீனாக்சைடுகள் புரோமினை உடனுக்குடன் பிடித்துவிடுகின்றன. தீர்ந்தவற்றின் இடத்தில் புதியவை கணத்தில் உருவாகின்றன.

அதைவிட அழகான விஷயம் அடுத்த படிகளில் இருக்கிறது. வளையத்தில் ஒரு புரோமின் ஏறினால் அது வளையத்தின் எலக்ட்ரான்களைக் கொஞ்சம் இழுத்துக்கொள்கிறது, எனவே அடுத்த புரோமின் ஏறுவது கடினமாக வேண்டும். அனிசோல் ஒன்றோடு நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அதே இழுப்பு பீனாலை வலிமையான அமிலமாக்குகிறது. பாரா புரோமோபீனாலின் பிகேஏ 9.4, இரண்டு புரோமின் ஏறினால் 7.8. அமிலம் வலுக்க வலுக்கக் கரைசலில் அயனியாக இருக்கும் பங்கு கூடுகிறது. வளையம் இழந்த துடிப்பை எதிர்மின்சுமை ஈடுகட்டிவிடுகிறது. மூன்று இடமும் நிறையும்வரை வினை நிற்காமல் ஓடுவது இதனால்தான். அமிலத்தன்மையும் வளையத்தின் துடிப்பும் தனித்தனிப் பாடங்கள் அல்ல என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சான்று தெரியாது.

வெள்ளையாக விழுவது 2,4,6-டிரைபுரோமோபீனால். 94 கிராம் பீனால் சுமார் 480 கிராம் புரோமினை எடுத்துக்கொண்டு 331 கிராம் வீழ்படிவைத் தரும். புரோமினில் பாதி ஹைட்ரஜன் புரோமைடாக வெளியேறிவிடும். கணக்கு இவ்வளவு துல்லியமாக நிற்பதால் தண்ணீரில் பீனால் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கவும் இதே வினை பயன்படுகிறது. ஆய்வகத்தில் வழக்கமாக நேரும் பிழை, புரோமின் நீரை அளவு மீறி ஊற்றிவிடுவது. வெள்ளை வீழ்படிவு மஞ்சளாக மாறினால் அது நடந்துவிட்டது என்று அர்த்தம். நான்காவது புரோமினும் ஏறி, வளையம் தன் பென்சீன் தன்மையையே இழந்துவிட்டது. அளவிடும் முறையில் கடைசியில் பொட்டாசியம் அயோடைடு சேர்ப்பதால் அந்த நான்காவது புரோமின் கழன்று, கணக்கு சரியாகிவிடும். இன்னொரு எச்சரிக்கை: அனிலினும் புரோமின் நீரோடு இதே வெள்ளையைத்தான் தரும், காரணமும் இதே போன்றது, அங்கே நைட்ரஜனின் எலக்ட்ரான் இணை சாய்கிறது. நடுநிலை ஃபெரிக் குளோரைடில் ஊதா நிறம் வருகிறதா என்று பார்க்காமல் பீனால் என்று எழுதிவிடக் கூடாது.

நைட்ரோ ஏற்றத்தில் பீனாலின் இந்தத் துடிப்பே தொல்லையாகிறது. அடர் நைட்ரிக் அமிலத்தை நேரடியாக ஊற்றினால் பீனாலில் பெரும்பங்கு ஆக்சிஜனேற்றமடைந்து கரும்பிசினாகிவிடும். நீர்த்த அமிலத்தை, அறை வெப்பத்தைத் தாண்டவிடாமல் சேர்க்க வேண்டும். அப்போதும் ஓரளவு பிசின் வரும், கூடவே ஆர்த்தோ நைட்ரோபீனாலும் பாரா நைட்ரோபீனாலும் கலந்து வரும். இவற்றைப் பிரிப்பது நீராவி. ஆர்த்தோவில் ஹைட்ராக்சிலும் நைட்ரோவும் அருகருகே இருப்பதால் தங்களுக்குள்ளேயே ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்கின்றன. அண்டை மூலக்கூறோடு ஒட்டுறவு குறைவு, எளிதில் ஆவியாகும். பாராவில் ஒரு மூலக்கூறு அடுத்ததைப் பிடித்துக்கொண்டு சங்கிலியாக நிற்கிறது. உருகுநிலையே சொல்லிவிடும்: ஆர்த்தோ 45 டிகிரி, பாரா 114 டிகிரி. நீராவியைச் செலுத்தினால் ஆர்த்தோ மஞ்சள் எண்ணெயாக ஏறிவந்து, குளிர்விக்கும் குழாயிலேயே படிகமாகி அடைத்துக்கொள்ளும். சிறிது நேரம் குளிர்நீரை நிறுத்தினால் உருகி இறங்கிவிடும். பாரா குடுவையிலேயே தங்கும்.

அந்தப் பாரா நைட்ரோபீனால் நம் எல்லாருக்கும் ஒரு வகையில் பழக்கமானது. கல்லீரல் பரிசோதனை அறிக்கையில் ஏ.எல்.பி. என்றொரு வரி இருக்கும். அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதியின் அளவு அது. 1934-இல் கிங், ஆர்ம்ஸ்ட்ராங் என்ற இருவர் தந்த முறையில், நொதிக்குப் பீனைல் பாஸ்பேட்டைக் கொடுத்து அது வெட்டிவிடும் பீனாலை அளந்தார்கள். பீனாலுக்கு நிறமில்லை, எனவே அதை நிறமாக்க வேறொரு பொருளோடு வினைபுரியச் செய்ய வேண்டும். பின்னாளில் அதற்கு வந்த 4-அமினோஆன்டிபைரின், பீனாலின் பாரா இடத்தில் போய் இணைந்துதான் சிவப்பு நிறம் தருகிறது. கழிவுநீரில் பீனாலை அளக்கவும் இதைப் பயன்படுத்துகிறார்கள். பாரா இடத்தில் மெத்தில் தொகுதி உட்கார்ந்திருக்கும் பாரா கிரெசால் அந்தச் சோதனையில் சிக்காமல் தப்பிவிடும்.

இன்றைய இயந்திரங்கள் பாரா நைட்ரோபீனைல் பாஸ்பேட்டைப் பயன்படுத்துகின்றன. இதில் நைட்ரோபீனாலின் ஆக்சிஜனில் புரோட்டானுக்குப் பதில் பாஸ்பேட் மாட்டியிருக்கிறது. அனிசோலைப் போல அந்த ஆக்சிஜனும் புரோட்டானை விட முடியாது, நிறமும் இல்லை. நொதி பாஸ்பேட்டை வெட்டியதும் ஹைட்ராக்சில் விடுபடுகிறது. கரைசலின் பி.எச். சுமார் 10-இல் வைக்கப்பட்டிருக்கிறது. சாதாரணப் பீனாலாக இருந்தால் அங்கே பாதிதான் அயனியாகும், அந்த அயனியும் கண்ணுக்கு நிறம் காட்டாது. பாரா நைட்ரோபீனாலின் பிகேஏ 7.15 என்பதால் ஏறக்குறைய முழுவதும் அயனியாகிவிடுகிறது. ஆக்சிஜனில் தோன்றிய எதிர்மின்சுமை வளையத்தைக் கடந்து எதிர்முனையின் நைட்ரோவரை பரவும்போது அது மஞ்சளாகத் தெரிகிறது. 405 நானோமீட்டர் ஒளியில் அந்த மஞ்சள் எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்று இயந்திரம் அளந்து, நொதியின் அளவை அறிக்கையில் அச்சிடுகிறது.